துணைப்பாட நிலையத்தை விட்டு வந்தபின் வந்த வக்கீல் கடிதம்

நான் வேலை பார்த்த துணைப்பாட நிலையத்திலிருந்து விலகிய சில வாரங்களில் ஒரு வக்கீல் கடிதம் வந்தது. சிங்கப்பூரின் ஈசூனில் என் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளியிருக்கும் வேறொரு நிலையத்தில் நான் தமிழ் வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டேன், அதனால் ஒப்பந்தத்தை மீறிவிட்டேன், உடனே நிறுத்த வேண்டும், 10,000 வெள்ளி கட்ட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இதே மாதிரிக் கடிதம் வந்து, பயந்துபோய், கையிலிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் வீட்டிலிருந்த ஆசிரியைகளை எனக்குத் தெரியும். அவர்கள் கையெழுத்திட்டிருந்த அந்த விதி நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் நின்றிருக்குமா என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் ஒப்பந்தத்தில் இந்த விஷயத்தைத் தொட்டவை நான்கு விதிகள். முதலாவது, வேலையை விட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, சிங்கப்பூரில் எங்கும், எந்தப் பாடத்திலும், நேரடியாகவோ மறைமுகமாகவோ துணைப்பாடம் நடத்தக்கூடாது, நடத்தும் நிறுவனத்திலும் சேரக்கூடாது. இரண்டாவது, நிலையத்தின் மாணவர்களை ஓராண்டுக்கு நான் அழைத்துக்கொண்டு போகக்கூடாது. மூன்றாவது, பயிற்சித்தாள்கள், மதிப்பெண் பதிவுகள், பெற்றோரின் தொடர்பு விவரங்கள் எல்லாம் ரகசியம், வெளியே கொண்டுபோகக்கூடாது. நான்காவது, இவற்றில் எதை மீறினாலும் 10,000 வெள்ளி இழப்பீடு.

கடிதம் முதல் விதியை வைத்துத்தான் எழுதப்பட்டிருந்தது. சமூகச் சட்ட ஆலோசனை நடக்கும் ஒரு மாலையில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஒருவருக்குச் சுமார் இருபது நிமிடம்தான் கிடைக்கும். வக்கீல் நமக்காகக் கடிதம் எழுதித் தரமாட்டார், வழக்கிலும் வரமாட்டார், ஆலோசனை மட்டும்தான். ஆகவே ஒப்பந்தத்தை முழுசாக அச்செடுத்து, அந்த நான்கு விதிகளையும் கோடிட்டு, என்ன தேதியில் என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். வக்கீல் ஒரு நடுத்தர வயது அம்மா. படித்துவிட்டு முதலில் கேட்டது, "இதுல கையெழுத்து போட்டீங்களா?" என்பதல்ல. "உங்களால அந்த நிலையத்துக்கு என்ன நஷ்டம் வரும்னு அவங்க நினைக்கிறாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் இந்தச் சட்டமே இருக்கிறது என்று பிறகு புரிந்தது.

சாதாரணமாக ஒருவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நீதிமன்றம் மதிக்கும். ஆனால் பிழைப்பைத் தடுக்கும் விதியில் கணக்கு தலைகீழ். அது முதலில் செல்லாது என்று வைத்துக்கொண்டுதான் நீதிமன்றம் ஆரம்பிக்கும். செல்லும் என்று காட்டவேண்டிய பொறுப்பு, அதைப் பிடித்துக்கொண்டு வருபவருடையது. இது இங்கிலாந்திலிருந்து வந்த, நீதிபதிகளின் தீர்ப்புகளால் உருவான பொதுச் சட்டம். அங்கே 1414-லேயே ஜான் டையர் என்ற துணிச்சாயத் தொழிலாளி ஊருக்குள் அரை ஆண்டு தொழில் செய்யமாட்டேன் என்று கொடுத்த வாக்கை நீதிபதி ஏற்க மறுத்திருக்கிறார். இன்றைக்குச் சிங்கப்பூர் நீதிமன்றங்கள் பின்பற்றும் சோதனையின் அடிப்படை 1894-இல் வந்த நோர்டன்ஃபெல்ட் வழக்கு. நிறுவனம் காப்பாற்ற வேண்டிய நியாயமான சொந்த நலன் ஒன்று இருக்க வேண்டும். அதைக் காப்பாற்றப் போட்ட தடை இரு தரப்புக்கும் இடையில் நியாயமான அளவில் இருக்க வேண்டும். பொது நலனுக்கும் பொருந்த வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அந்த விதி நிற்காது. ஒப்பந்தத்தின் மற்ற பகுதிகள் அப்படியே இருக்கும்.

இங்கே நம்மவர்கள் அடிக்கடி ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், "அதெல்லாம் செல்லவே செல்லாதுங்க, ஊர்லயே சட்டம் இருக்கு" என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னது இந்தியாவுக்குச் சரி. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு, தொழிலைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்று எழுதியே வைத்திருக்கிறது. வியாபாரத்தை அதன் நற்பெயரோடு விற்பதற்கு மட்டும் விலக்கு. பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குப் போனால் மலேசியாவிலும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு அதே போக்கில் இருக்கிறது. சிங்கப்பூரில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. இங்கே "நியாயமான அளவா" என்று பார்ப்பார்கள், நியாயமாக இருந்தால் தடை செல்லும். ஊர்ச் சட்டத்தை நம்பி இங்கே கடிதத்தைக் குப்பையில் போடுவது ஆபத்து.

சரி, நிலையம் காப்பாற்றிக்கொள்ள உரிமையுள்ள நலன் என்ன? நீதிமன்றங்கள் ஏற்றுக்கொள்பவை, தொழில் ரகசியம், வாடிக்கையாளர் தொடர்பு, 2007-ஆம் ஆண்டு மேன் ஃபைனான்ஷியல் வழக்குக்குப் பிறகு நிலையான ஊழியர் அணியும்கூட. போட்டியே வேண்டாம் என்ற ஆசை இந்தப் பட்டியலில் இல்லை. நான் வகுப்பறையில் நின்று நின்று கற்றுக்கொண்ட திறமையும் அவர்களுடைய சொத்தில்லை. வாய்மொழித் தேர்வுக்குப் பிள்ளைகளின் பயத்தைப் போக்கிப் பேசவைப்பது எப்படி, கருத்தறிதலில் எந்த வகைக் கேள்வியில் அவர்கள் சறுக்குவார்கள் என்பதெல்லாம் என் தலைக்குள் இருப்பவை. ஊழியரின் பொதுத் திறமையும் அனுபவமும் அவருடையவையே என்பது 1916-இல் ஹெர்பர்ட் மாரிஸ் வழக்கிலேயே முடிவான விஷயம். நிலையத்தின் செலவில் நான் பயிற்சி பெற்றிருந்தாலும் அது மாறாது.

ஆனால் பெற்றோர் தொடர்பு வேறு. துணைப்பாடத்தில் பெற்றோர் நம்புவது பலகையை அல்ல, ஆசிரியரை. "எங்க பிள்ளை இந்த டீச்சர்கிட்டதான் படிப்பா" என்று சொல்லும் அம்மாக்கள் எனக்கும் இருந்தார்கள். அந்த நம்பிக்கை நிலையத்தின் கூரைக்கு அடியில் வளர்ந்தது, அவர்கள் விளம்பரத்துக்குச் செலவழித்து அந்தப் பிள்ளையை என் முன் உட்கார வைத்தார்கள். அந்தத் தொடர்பைக் கொஞ்ச காலத்துக்குக் காத்துக்கொள்ள நிலையத்துக்கு உரிமை உண்டு என்று நான் உளமாரவே நினைக்கிறேன். ஆகவே இரண்டாவது விதியை நான் ஒருபோதும் எதிர்க்கவில்லை.

முதல் விதியை எடுத்து அந்த வக்கீல் அம்மா சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டினார். "எந்தப் பாடத்திலும்" என்கிறது. நான் அங்கே நடத்தியது தமிழ் மட்டும். நான் நாளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர்களுடைய எந்த வாடிக்கையாளர் தொடர்பு குலையும்? "சிங்கப்பூரில் எங்கும்" என்கிறது. அவர்களுக்கு இருந்தவை இரண்டு கிளைகள், இரண்டும் வடக்கில். ஜூரோங் மேற்கில் இருக்கும் பெற்றோர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஈசூன் வரப்போவதில்லை. தீவு சிறியதுதான், ஆனால் தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் துணைப்பாடத்துக்கு யாரும் தீவைக் குறுக்கே கடப்பதில்லை. "இரண்டு ஆண்டு" என்கிறது. ஒரு பெற்றோர் புது ஆசிரியரோடு பழகிப்போக அவ்வளவு காலம் தேவையா? ஒரு பள்ளித் தவணை, மிஞ்சினால் இரண்டு தவணை போதும்.

அதற்கு மேலும் ஒன்று சொன்னார், எனக்கு அதுதான் கண்ணைத் திறந்தது. ரகசியத்தைக் காக்க மூன்றாவது விதி இருக்கிறது. மாணவரைக் காக்க இரண்டாவது விதி இருக்கிறது. அப்படியானால் முதல் விதி எதைக் காக்கிறது? 2005-ஆம் ஆண்டு ஸ்ட்ராடெக் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே பாணியில்தான் பார்த்தது. ரகசியத்தைத் தனி விதி ஏற்கெனவே காக்கிறது என்றால், போட்டித் தடைக்கு அதற்கு மேல் வேறொரு நலனை நிறுவனம் காட்டியாக வேண்டும். காட்டமுடியாவிட்டால் மிஞ்சுவது போட்டியைத் தடுக்கும் எண்ணம் மட்டும்தான், அது நியாயமான நலன் ஆகாது. உங்கள் ஒப்பந்தத்தைக் கையில் எடுத்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள். மற்ற விதிகள் காக்கும் விஷயங்களை ஒரு பக்கம் ஒதுக்குங்கள். போட்டித் தடைக்கென்று தனியாக மிச்சம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் எதுவும் இருக்காது.

தமிழாசிரியர்களுக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பொது நலன் என்ற மூன்றாவது சோதனை பெரும்பாலான வழக்குகளில் ஓரமாகவே நிற்கும். ஆனால் நம் நிலைமையில் அதைப் பேசாமல் விடக்கூடாது என்பது என் கருத்து. கணக்கு ஆசிரியருக்கு நூறு கதவு. தமிழ் சொல்லிக்கொடுப்பவர் குறைவு, தேவைப்படும் பிள்ளைகளோ எல்லாப் பேட்டைகளிலும் இருக்கிறார்கள். ஒரு நிலையம் தன்னிடம் வேலை பார்த்த ஒவ்வொரு தமிழாசிரியரையும் இரண்டு ஆண்டுக்கு வீட்டில் உட்கார வைத்தால், நஷ்டப்படுவது அந்த ஆசிரியர் மட்டும் அல்ல.

"அப்படியானால் நீதிபதி இரண்டு ஆண்டை ஆறு மாதமாகக் குறைத்துத் தரமாட்டாரா?" என்று கேட்டேன். மாட்டார் என்றார். நீதிமன்றம் பேனாவால் அடிக்கும், புதிதாக எழுதித் தராது. ஒரு சொல்லை அடித்த பிறகும் வாக்கியம் இலக்கணத்தோடு நின்று, ஒப்பந்தத்தின் தன்மையும் மாறாமல் இருந்தால்தான் அதையும் செய்யும். உதாரணமாக "எந்தப் பாடத்திலும்" என்பதை அடிக்கலாம். அடித்த பிறகும் சிங்கப்பூர் முழுவதும், இரண்டு ஆண்டு என்பவை அப்படியே இருக்கும். "இரண்டு" என்பதை அடித்துவிட்டு "அரை" என்று எழுத முடியாது. 2012-இல் ஸ்மைல் இன்க் என்ற பல் மருத்துவ நிறுவனத்தின் வழக்கு இதற்கு நல்ல சான்று. விலகிய மருத்துவர் நிறுவனத்தின் கிளைகளிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் தொழில் செய்யக்கூடாது என்று விதி. 3 கிலோமீட்டர் சிறிய வட்டம்தானே என்று தோன்றும். ஆனால் எத்தனை காலத்துக்கு என்று எழுதவில்லை. நியாயமான ஒரு காலத்தை நீதிமன்றமே உள்ளே வைத்துப் படிக்க வேண்டும் என்று நிறுவனம் கேட்டதை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. விதி விழுந்தது. பேராசையோடு எழுதப்பட்ட தடை, அளவோடு எழுதியிருந்தால் கிடைத்திருக்கும் பாதுகாப்பையும் சேர்த்து இழந்துவிடுகிறது. நிலையம் நடத்துபவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் இது பயன்படும்.

நான்காவது விதியான 10,000 வெள்ளியைப் பார்த்துத்தான் என் கணவர் அதிகம் பதறினார். அதற்கு விடை எளிது. தடையே செல்லாது என்றால், அதை மீறியதற்கான இழப்பீடும் அதோடு போகும். செல்லும் விதியை, அதாவது மாணவர் விதியை மீறினால் அது வேறு கதை. அங்கேயும் அந்தத் தொகை உண்மையான நஷ்டத்தின் நேர்மையான முன்மதிப்பீடாக இருக்க வேண்டும், மிரட்டுவதற்குப் போட்ட அபராதமாக இருக்கக்கூடாது.

இனி நான் செய்தது. புது நிலையத்தின் பொறுப்பாளரிடம் அன்றைக்கே கடிதத்தைக் காட்டினேன். மறைத்தால், பழைய நிலையம் அவருக்கும் கடிதம் அனுப்பும்போது நம்பிக்கை போய்விடும். பிறகு கட்டணம் கொடுத்து ஒரு வக்கீலிடம் ஒரே ஒரு பதில் கடிதம் மட்டும் எழுதி வாங்கினேன். அதில் சண்டை தொனி இல்லை. மாணவர் விதியையும் ரகசிய விதியையும் நான் மதிக்கிறேன், என்னிடம் அவர்களுடைய பயிற்சித்தாளோ தொடர்புப் பட்டியலோ இல்லை, நான் எந்தப் பெற்றோரையும் அழைக்கவில்லை, ஆனால் முதல் விதி தொழிலைத் தடுக்கும் விதி, அதனால் காக்கப்படும் நியாயமான நலன் என்ன என்று தெரிவிக்கவும் என்று இருந்தது. செல்லும் விதிகளை நாமே முன்வந்து ஒத்துக்கொள்வது முக்கியம். நீதிமன்றத்துக்குப் போனால் நிறுவனம் முதலில் கேட்பது இடைக்காலத் தடை. நாம் ரகசியத்தையும் மாணவரையும் தொடவில்லை என்று கடிதத்திலேயே இருந்தால், அவசரமாகத் தடுக்க என்ன இருக்கிறது என்ற கேள்வி அவர்கள் பக்கம் திரும்பும். 2024-இல் ஷாப்பி நிறுவனம் தன் முன்னாள் ஊழியருக்கு எதிராகக் கேட்ட இடைக்காலத் தடையை உயர் நீதிமன்றம் மறுத்தது. பெரிய நிறுவனம் கேட்டால் உடனே கிடைத்துவிடும் என்பது இல்லை.

அந்தக் கடிதத்தை உண்மையாக எழுத முடிந்ததற்குக் காரணம், விலகும் முன் இருந்த நடத்தை. வேலையில் இருக்கும்வரை ஊழியருக்கு விசுவாசக் கடமை உண்டு. அதற்கு ஒப்பந்தத்தில் விதி தேவையில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் "அடுத்த மாதம் நான் அங்கே இருப்பேன்" என்று போடுவது, பயிற்சித்தாள்களைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்வது, இவையெல்லாம் போட்டித் தடை செல்லாமல் போனாலும் தனியாக நம்மைக் கவிழ்க்கும். பெரும்பாலான ஆசிரியர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், முதல் விதியில் இல்லை. நான் கடைசி நாளன்று குழுவிலிருந்து விலகினேன், கைப்பேசியிலிருந்த எண்களை அவர்கள் முன்பே அழித்தேன், கோப்புகளை ஒப்படைத்ததற்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். அந்த மின்னஞ்சல் பின்னால் கடிதத்தோடு இணைப்பாகப் போனது.

ஒரு பெற்றோர் தானாகவே என்னைத் தேடிக் கண்டுபிடித்து வந்தார். என் விதி "அழைத்துப் போகக்கூடாது" என்றுதான் சொன்னது, தானாக வருபவரை ஏற்கக்கூடாது என்று சொல்லவில்லை. சில ஒப்பந்தங்கள் அதையும் தடுக்கும், ஆகவே இந்த வித்தியாசத்தைப் பார்த்துப் படியுங்கள். என் விதிப்படி அவரைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் யார் முதலில் பேசினார்கள் என்று பின்னால் நிரூபிப்பது கஷ்டம். ஓராண்டு முடியட்டும் அக்கா என்று சொல்லி அனுப்பினேன். அவருடைய செய்தியையும் என் பதிலையும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

பழைய நிலையம் பதில் எழுதவில்லை. ஆனால் என் கடைசி மாதச் சம்பளத்தை "இழப்பீட்டுக்காக" பிடித்து வைத்திருந்தார்கள். இது தனி விஷயம், இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடாது. முறையாக முன்னறிவிப்புக் கொடுத்து விலகினால் கடைசிச் சம்பளம் கடைசி வேலை நாளில் வந்தாக வேண்டும். தடை விதியை மீறினார் என்று முதலாளி தானே முடிவுகட்டிக்கொண்டு சம்பளத்தில் கைவைக்க முடியாது. டேடம் என்று சொல்லும், சம்பளத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் முத்தரப்பு அமைப்பில் கோரிக்கை போட்டேன். வேலையை விட்டு ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். சமரசப் பேச்சிலேயே பணம் வந்துவிட்டது. பகுதிநேரமாக, சுயதொழில் செய்பவராக ஒப்பந்தம் போட்டிருக்கும் ஆசிரியர்களுக்கு இந்த ஊழியர் வழி பொதுவாகத் திறந்திருக்காது. ஆனால் தடை விதி மீதான சோதனை அவர்களுக்கும் உண்டு.

எல்லாத் தடையும் விழும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நோர்டன்ஃபெல்ட் வழக்கிலேயே, துப்பாக்கித் தொழிலை விற்றவர் மீது போட்ட 25 ஆண்டு, உலகம் முழுவதுக்குமான தடை செல்லும் என்றுதான் தீர்ப்பு. வியாபாரத்தை விற்றுப் பெரும் பணம் வாங்கிக்கொண்டவர் உடனே அடுத்த கடை போட்டால் வாங்கியவரிடம் எதுவும் மிஞ்சாது. சிங்கப்பூரிலும் 2010-இல் தன் மருந்தகத்தின் பங்குகளை விற்ற ஒரு மருத்துவர் மீதான தடையை மேல்முறையீட்டு நீதிமன்றம் நிலைநிறுத்தியது. சொந்த நிலையத்தை விற்கப்போகும் ஆசிரியர் என் கதையை வைத்து முடிவெடுக்கக்கூடாது.

அதேபோல், "சேரக்கூடாது" என்று எழுதாமலே தடுக்கும் விதிகளும் உண்டு. போட்டி நிறுவனத்தில் சேர்ந்தால் சேர்த்து வைத்த ஊக்கத்தொகை கிடைக்காது என்பார்கள். 2012-இல் கார்கில் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் தொழில் தடையாகவே பார்த்து, செல்லாது என்றது. பெயரைப் பார்க்காமல் அது உங்களை எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்று பாருங்கள்.

புது நிலையமும் எனக்கு ஒப்பந்தம் கொடுத்தது, அதிலும் ஒரு தடை விதி இருந்தது. கையெழுத்துக்கு முன் பொறுப்பாளரோடு உட்கார்ந்து மாற்றினோம். இப்போது அதில், விலகுவதற்கு முந்தைய 12 மாதத்தில் நான் நேரில் கற்பித்த மாணவர்களை, ஆறு மாதத்துக்கு, நானாக அழைக்கக்கூடாது என்று மட்டும் இருக்கிறது. இது நீதிமன்றத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.